முப்பது செக்கனுக்குள் ஒரு பழைய ப்ரிட்ஜ்

ஹட்டனில் உள்ள ஒரு மின்சாதனக் கடைக்காரர் ரேடியோ விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். பழைய ப்ரிட்ஜைக் கொடுத்துப் புதுசை வாங்கும் சலுகை, முப்பது செக்கன்.

நான் முதலில் எழுதியது 74 சொல். போனில் நேரம் பிடித்து வாசித்தேன், 39 செக்கன் வந்தது. வேகமாக வாசித்தால் அடங்கிவிடும் என்றார் முதலாளி. அடங்கும்தான். ஆனால் அந்த வேகத்தில் விழுங்கப்படுவது கடைசி வரிதான்: ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’.

அந்த வரியை நான் மறக்க மாட்டேன். முன்பு வேறொரு கடையின் இதே மாதிரி விளம்பரத்தை நம்பி, பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் ஓடாத டிவியை ஆட்டோவில் ஏற்றி வந்தார். எடுக்க மாட்டோம் என்றார்கள். திரும்பிப் போகவும் அவர்தான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்.

அதனால் முதலாளியிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: “எதை எடுக்க மாட்டீங்க?” ஓடாததை, என்றார். அதையே விளம்பரத்தின் நடுவில் வைத்தேன். இடம் பிடிக்க போன் நம்பரை வெட்டினேன். பத்து இலக்கத்தையும் நிதானமாகச் சொன்னால் ஆறு செக்கன் போகும். அடுப்படியில் நின்று கேட்பவர் அதை எங்கே எழுதிக்கொள்வார்? பஸ் ஸ்டாண்டைச் சொன்னால் போதும்.

பதிவுக்குப் போனது இது:

(பழைய ப்ரிட்ஜின் உறுமல், 2 செக்கன்)

பெண்: என்னங்க, இந்த ப்ரிட்ஜ் போடுற சத்தத்துல பிள்ளை தூங்க மாட்டேங்குது.

ஆண்: குளிருதுல்ல? அப்போ ஹட்டனுக்குப் போய் மாத்திக்குவோம்.

அறிவிப்பாளர்: ஓடுற பழைய ப்ரிட்ஜைக் கொடுங்க. புதுசோட விலையில பதினையாயிரம் ரூபாய் கழிச்சுக்குவோம். துரு பிடிச்சிருக்கலாம், சத்தம் போடலாம். குளிரணும், அவ்வளவுதான். ஓடாததை எடுக்க மாட்டோம். லொறி போற பாதை வரைக்கும் நாங்களே வந்து மாத்தித் தருவோம். இந்த மாசம் இருபத்தஞ்சாம் திகதி வரைக்கும்தான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, (கடைப் பெயர்).

கடைப் பெயரோடு ஐம்பது சொல். ‘எடுக்க மாட்டோம்’ என்றால் ஆள் வராது என்று முதலாளி தயங்கினார். வந்துவிட்டுத் திட்டிக்கொண்டு போகிறவர் லயம் முழுக்கச் சொல்வார் என்றேன். ஒத்துக்கொண்டார். ‘லொறி போற பாதை வரைக்கும்’ என்பது டிரைவர் சொல்லிச் சேர்த்தது. பல லயங்களுக்குப் படிக்கட்டுதான் வழி. வாசல் வரை என்று எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

ஸ்டூடியோவில் இரண்டாவது வாசிப்பில் 29 செக்கன். அறிவிப்பாளர் ‘குளிரணும்’ என்றதும் அரை செக்கன் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வருவதால் 8ஆம் திகதியிலிருந்து, மலைக்குப் போகுமுன் தேத்தண்ணி குடிக்கும் நேரமான காலை ஆறு மணிக்கு ஓடவிட்டோம்.