இரண்டாவது முறை பாஸ்

எங்கள் கிளினிக் லேபில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு பார்க்க ஒரு சின்ன எலக்ட்ரோலைட் அனலைசர் இருக்கிறது. அளவு தெரிந்த திரவத்தை வைத்துக் கருவியைச் சரிசெய்வதுதான் கேலிப்ரேஷன். காலையில் அது தோற்றால் உடனே இன்னொரு முறை ஓட்டுவோம், அநேகமாகப் பாஸாகிவிடும். ரெஜிஸ்டரில் ‘பாஸ்’ என்று எழுதிவிட்டு, விடை முன்பே தெரிந்த சோதனைத் திரவமான கண்ட்ரோலை வைப்போம். கண்ட்ரோலும் சரியாக வரும். அதனால் முதல் முறை தோற்றது எந்தத் தாளிலும் இல்லாமல் போனது.

என்னைச் சந்தேகப்பட வைத்தது கேலிப்ரேஷன் திரவம் இருக்கும் ஸ்டாண்டர்டு பேக். மூன்று வாரத்துக்கு மேல் வர வேண்டிய பேக் 17 நாளில் தீர்ந்துவிட்டது. சாம்பிள் எண்ணிக்கை கூடவில்லை. அப்படியானால் திரவம் எங்கே போகிறது? அன்று மதியம் கருவியின் எரர் லாக் முழுவதையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் விரித்தேன்.

முதலில் பார்த்தது கருவியின் கடிகாரம். அது சுவர்க் கடிகாரத்தைவிட 40 நிமிடம் பின்னால் ஓடியது. இதைக் கணக்கில் எடுக்காமல் சாம்பிள் ரெஜிஸ்டரோடு லாக்கை ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. நேரத்தைத் திருத்திக்கொண்டு மூன்று வாரத்து வரிகளைப் படித்தேன். கேலிப்ரேஷன் திரவத்தில் காற்று என்று சொல்லும் `AIR IN CAL A` வரி 17 முறை இருந்தது. 13 முறை காலை முதல் கேலிப்ரேஷனில், 4 முறை பிற்பகலில்.

“காலையில அப்படித்தான் பண்ணும், கொஞ்சம் ஓடினா சரியாயிடும்” என்று எங்கள் சீனியர் அக்கா சொல்வார். பிற்பகல் நான்கும் அதற்குப் பொருந்தவில்லை. அந்த நான்கையும் சாம்பிள் ரெஜிஸ்டரோடு வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த சாம்பிளும் ஓடவில்லை. ஆக, காலை நேரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கருவி சும்மா நின்ற பிறகுதான் பிழை வருகிறது. காலையில்தான் அது அதிக நேரம் சும்மா நின்றிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் காரணம் தேடுவது சுலபமாயிற்று. சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றின் எலக்ட்ரோடுகளும் ஒன்றாகத் தோற்கின்றன. அப்படி இருந்தால் தனி எலக்ட்ரோடைக் குறை சொல்வதற்கு முன், எல்லாவற்றுக்கும் பொதுவான பாகத்தைப் பார்க்க வேண்டும்: திரவம் வரும் வழி, பம்ப் ட்யூப், ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு. லாக்கில் காற்று என்றே வருவதால் ட்யூபைத்தான் முதலில் கழற்றினேன். பம்பின் உருளைகள் அழுத்தும் இடத்தில் அது தட்டையாகி, விரலால் அழுத்தி விட்டபோதும் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. கருவி நிற்கும்போது அந்த இடம் இறுக மூடாமல் திரவம் பின்னால் வடிந்திருக்கிறது. முதல் முறை உறிஞ்சும்போது காற்று வருகிறது. அதற்குள் குழாய் நிறைந்துவிடுவதால் இரண்டாவது முறை பாஸ். ஒவ்வொரு தோல்வியும் பேக்கிலிருந்து கொஞ்சம் திரவத்தைக் குடித்திருக்கிறது.

புது ட்யூப் போட்டு, பம்பையும் காற்று உணரியையும் கருவி கேட்கும் முறைப்படி சரிபார்த்து, கேலிப்ரேஷன் ஓட்டினோம். அடுத்த இரண்டு வாரத்தில் அந்த வரி ஒருமுறைகூட வரவில்லை.

காற்றுப் பிழை ஒழிந்த பிறகுதான் அதற்கு அடியில் இருந்த இன்னொன்று கண்ணில் பட்டது. அளவு மாறும்போது எலக்ட்ரோடு எவ்வளவு மாறிக் காட்டுகிறது என்பதைச் சொல்வது ஸ்லோப். பாஸான கேலிப்ரேஷன்களிலேயே சோடியத்தின் ஸ்லோப் வாரத்துக்கு வாரம் இறங்கியிருந்தது: 57, 56, 54. எங்கள் கருவி ஏற்கும் கீழ் எல்லை 52. பொட்டாசியமும் குளோரைடும் அசையவில்லை. இங்கே ஒன்று மட்டும் இறங்குவதால் ட்யூபின் மேல் பழி போட முடியாது, சோடியம் எலக்ட்ரோடின் மேற்பரப்பில்தான் சாம்பிளின் புரதம் படிந்திருக்க வேண்டும். தோற்கும்வரை காத்திருக்காமல், சாம்பிள் குறைவாக வரும் ஒரு மதியத்தைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் புரதம் நீக்கும் கரைசல், பிறகு சோடியம் கண்டிஷனர், கொஞ்ச நேரம் ஓய்வு, இரண்டு புள்ளிக் கேலிப்ரேஷன், அதற்குப் பிறகு கண்ட்ரோல். ஸ்லோப் 57-க்கு ஏறியது. இப்போது 54-ஐத் தொட்டாலே அந்த வேலைக்கு ஒரு மதியம் குறித்துவிடுகிறோம்.

லாக்கைப் பார்த்தால் போதும் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். கருவி தன் உணரிகளுக்குத் தெரிந்ததைத்தான் எழுதும். சிவப்பணு உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் பொய்யாக ஏறி நிற்கும், லாக்கில் ஒரு எழுத்துகூட வராது. அந்த சீரத்தின் நிறத்தை நம் கண்தான் பார்க்க வேண்டும். லாக்குக்கு இடமும் குறைவு. புது வரிகள் நிறைந்ததும் பழையவை அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வாரமும் பிரிண்ட் எடுத்து வைக்கிறோம்.

ரெஜிஸ்டரில் ‘பாஸ்’ இருந்த இடத்தில் இப்போது இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, முதல் முறைக்கு ஒன்று, மறுமுறைக்கு ஒன்று. ஒரே வாரத்தில் முதல் கட்டம் இரண்டு தடவை தோற்றால் மறுபடி கேலிப்ரேட் செய்வதோடு விடாமல், அன்றே ட்யூபைத் திறந்து பார்க்கிறோம். அந்தக் கட்டங்களுக்கான கோடுகளை ஸ்கேல் வைத்துப் போட்டது சீனியர் அக்காதான்.