தவறான ஆளுக்குப் போன விலைப்பட்டியல்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் ஒரு ஆலையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் ஒரு வியாழக்கிழமை மாலை 5.40-க்கு, ஒரு வாடிக்கையாளருக்கான விலைப்பட்டியலை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு கம்பெனியின் பெயரும் 'ஸ்ரீ' என்றே தொடங்கும். முகவரிப் பெட்டியில் மூன்று எழுத்து தட்டியதும் அவுட்லுக் காட்டிய முதல் பெயரை அப்படியே எடுத்துவிட்டேன்.

அந்த எக்செல் கோப்பில் பதினோரு அளவுப் பெட்டிகளின் விலை, ஆர்டர் அளவைப் பொறுத்த தள்ளுபடி, 60 நாள் கடன் தவணை எல்லாம் இருந்தன. அதில் ஒரு ஐந்து அடுக்குப் பெட்டி 44 ரூபாய். அதே அளவு பெட்டியைத்தான் தவறாகப் பெற்றவருக்கு 48.50-க்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதுவும் 45 நாள் தவணையில். அனுப்பிய மெயில்களைப் பார்த்தபோது கண்ணில் பட்டது. பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

முதலில் கை போனது 'Recall This Message' பொத்தானுக்கு. பக்கத்து மேசை அண்ணன் தடுத்தார். அந்த வசதி ஒரே நிறுவனத்தின் மெயில் அமைப்புக்குள் இருப்பவர்களுக்குத்தான் வேலை செய்யும். வெளியே போன மெயிலை அது திரும்ப எடுக்காது. போதாக்குறைக்கு, 'இவர் தன் மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று எதிர்ப்பக்கத்துக்கு ஒரு அறிவிப்பு போகக்கூடும். அதுவரை திறக்காதவர்கூட அதைப் பார்த்ததும் என்னவென்று திறந்து பார்ப்பார்.

அதனால் போன் செய்தேன். அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் எனக்கு ஆறு வருடப் பழக்கம்.

"சார், 5.40-க்கு என்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்திருக்கும். அது வேற பார்ட்டிக்குப் போக வேண்டியது, தப்பா உங்களுக்கு வந்துடுச்சு. தயவுசெஞ்சு திறக்காதீங்க."

"திறந்துட்டேனே கண்ணு. ஸ்டைல் நம்பர் எதுவும் நம்மளது இல்லையேன்னு பார்த்துட்டு இருந்தேன்."

அடுத்து நான் கேட்டது, அந்த மெயில் அவருக்கு மட்டும் வந்ததா என்று. இதைக் கேட்காமல் விட்டிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும். நான் அனுப்பியது அவர்கள் பர்ச்சேஸ் பிரிவின் பொது ஐடி. அதற்கு வருவது ஐந்து பேரின் பெட்டிக்குப் போகும். அவர் ஒருவர் அழித்தால் நான்கு பிரதிகள் அப்படியே இருக்கும். ஐந்து பேரில் யார் போனில் இறக்கி வைத்தார்கள், யார் வாட்ஸ்அப்பில் தள்ளினார்கள் என்பதும் தெரிய வேண்டும். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

போனை வைக்கும் முன், "அவங்களுக்கு 44 ரூபாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் பட்டியலில் இருப்பது எதைப் பற்றியும் நான் பேச முடியாது, உங்கள் விலையை உங்கள் ஆர்டர் அளவை வைத்துத் தனியாகப் பேசலாம் என்றேன். 'அழித்துவிடுங்கள், விலை குறைத்துத் தருகிறோம்' என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒருவரின் ரகசியத்தை வைத்து இன்னொருவரோடு பேரம் பேசியதாக ஆகியிருக்கும்.

போனில் பேசியதை உடனே எழுத்திலும் அனுப்பினேன். பழைய மெயிலுக்குப் பதிலாக எழுதினால் அந்த விலையெல்லாம் கீழே தொங்கிக்கொண்டு வரும் என்பதால் புது மெயிலாக. எந்த மெயில் என்பதைத் தலைப்பையும் நேரத்தையும் மட்டும் குறிப்பிட்டுச் சொன்னேன். கேட்டவை இவ்வளவுதான்: ஐந்து பேரும் மெயிலை அழித்து, குப்பைக் கோப்புறையிலிருந்தும் நீக்க வேண்டும். இறக்கிய கோப்பு இருந்தால் அதையும் அழிக்க வேண்டும். யாருக்காவது அனுப்பியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். முடிந்ததும் ஒரு வரி பதில் போட வேண்டும். எங்கள் கணக்காளர் சட்ட நடவடிக்கை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார், நான் சேர்க்கவில்லை. தப்பு எங்களுடையது. ஒன்றும் செய்யாத மனிதரை மிரட்டினால் அவர் பதில் போடுவதையே நிறுத்திவிடுவார்.

இதைவிடக் கடினமாக இருந்தது, பட்டியலுக்கு உரிய வாடிக்கையாளரான மேடத்திடம் இதைச் சொல்வது பற்றி முதலாளியிடம் பேசியது. "அவங்க அழிச்சுட்டோம்னு எழுதித் தரட்டும். அப்புறம் அந்தம்மாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு பார்ப்போம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அழித்தாலும் அவர் விலையைப் படித்தது படித்ததுதான். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும் ஊர் இது. நாம் சொல்லாமல் வேறு வாய் வழியாக அந்தம்மா காதுக்குப் போனால், மறைத்தோம் என்றுதான் ஆகும். அதோடு அவர்களுடன் போட்ட சப்ளை ஒப்பந்தத்தில், விலை விவரம் வெளியே போனால் தாமதமின்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு ஷரத்தே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டிய பிறகு, "சரிம்மா, நீயே பேசு" என்றார்.

6.50-க்கு அந்த மேடத்தை அழைத்தேன். எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் பெட்டிக்குப் போனது, இதுவரை என்ன செய்திருக்கிறோம், எது இன்னும் தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். குறைந்தது ஒருவர் திறந்து பார்த்துவிட்டார் என்பதையும் சொன்னேன். சற்று நேரம் அவரிடமிருந்து பேச்சே இல்லை.

"யாருக்குப் போச்சு?"

"இன்னொரு ஏற்றுமதி கம்பெனிக்குங்க மேடம். பேரை அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். அவங்களும் எங்க வாடிக்கையாளர்தான்."

கோபப்பட்டார், படவேண்டியதுதான். அந்தக் கம்பெனியோ தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மறுநாள் கேட்டுக்கொண்டது. மேடத்திடம் அதை அப்படியே தெரிவித்தேன். சரி, அழித்ததாக அவர்கள் எழுதும் பதிலைப் பெயரை மறைத்துவிட்டு எனக்குக் காட்டு என்றார். அது நியாயம். அவர் கேட்ட இன்னொன்று எனக்குத் தோன்றவே இல்லை: கோப்பின் மேல்பகுதியில் அவர்களுடைய ஸ்டோர் பொறுப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. விலை கம்பெனியின் விஷயம். அந்த எண் ஒரு தனி மனிதருடையது. அவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு பேர் அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. யாரும் வெளியே அனுப்பவில்லை, ஒருவர் மட்டும் போனில் இறக்கியிருந்தார், அதையும் நீக்கிவிட்டார். ஐந்தாமவர் விடுப்பில் இருந்தார். 'எல்லோரும் அழித்தாயிற்று' என்று மேடத்துக்கு எழுதிவிடலாம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு வந்தது. நான் நான்கு என்றே எழுதினேன், ஐந்தாவது திங்கட்கிழமை என்று. திங்கள் மதியம் அந்தப் பதிலும் வந்தது. அவர்கள் சர்வர் காப்புப் பிரதியில் அந்த மெயில் இன்னும் சில காலம் இருக்கும், அது நம் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே கடைசிக் கடிதத்தை அனுப்பினேன்.

இப்போது என் அவுட்லுக்கில் அனுப்பும் எந்த மெயிலும் இரண்டு நிமிடம் நின்றுதான் வெளியே போகிறது, அதற்கு ஒரு விதி போட்டு வைத்திருக்கிறேன். தானாக வந்து விழும் முகவரிகளை மொத்தமாக அழித்துவிட்டேன். விலைப்பட்டியல் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப்பாகத்தான் போகிறது, கடவுச்சொல்லைப் போனில் சொல்கிறேன். இந்தக் கடைசி ஏற்பாடு மேடம் கேட்டது.

அந்தத் திங்கட்கிழமை கடிதத்தைப் படித்துவிட்டு அவர் என்னை அழைத்தார். "எல்லாம் சரி. அந்த கொட்டேஷன் எனக்கு இன்னும் வரலையே?" என்றார். நான்கு நாளில் அதை அவருக்கு அனுப்ப வேண்டும் என்பதையே மறந்திருந்தேன். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். வந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை போனை வைக்கவில்லை.