ஒரே எண், நான்கு மருத்துவர்கள்

அம்மாவின் தோல் அரிப்புக்குச் செயலி வழியாக ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கும் முன், அவர் போட்டிருந்த பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் nmc.org.in தளத்தில் தேடினேன். ஒரே எண்ணுக்கு நான்கு பெயர்கள்! ஒவ்வொரு மாநில மருத்துவக் கவுன்சிலும் தனித்தனியாக எண் கொடுப்பதால் வரும் குழப்பம் இது. மாநிலத்தையும் தேர்ந்தெடுத்ததும் ஒருவர்தான் மிஞ்சினார்.

பெயர் பொருந்தியது. ஆனால் எம்.பி.பி.எஸ். மட்டுமே இருந்தது, செயலியில் பளபளத்த தோல் நோய் மேற்படிப்பைக் காணோம். பட்டத்தைப் பதிவேட்டில் சேர்க்கச் சோம்பல்படுபவர்களும் உண்டு என்பதால் உடனே போலி என்று முடிவு கட்டவில்லை. மாநிலக் கவுன்சிலின் தளத்தில் பார்த்தேன், அங்கே இருந்தது. நாளை மாலை ஆறு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

பல் மருத்துவரையும் சித்த மருத்துவரையும் இங்கே தேடி ஏமாறாதீர்கள். அவர்களுக்குத் தனிப் பதிவேடுகள்.