பள்ளி பன்னிரண்டு, மாணவர் 480: திட்டப்பிழையை எதை வைத்துக் கணக்கிடுவது?

எக்கனோமெட்ரிக்ஸ் தேர்விலும் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்விலும் அடிக்கடி மாட்டும் இடம் இது. தரவில் 480 மாணவர் இருக்கிறார்கள். ஆனால் மாலைப் பயிற்சி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவானது பள்ளி அளவில். 12 பள்ளிகளில் 6-க்குக் குலுக்கல் முறையில் பயிற்சி கிடைத்தது, மற்ற 6-க்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கு 40 மாணவர். மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 15. பயிற்சி பெற்ற பக்கம் சராசரி 8 மதிப்பெண் கூடுதல். இதை நம்பலாமா? எண்கள் கணக்குக்காக எடுத்தவை. பள்ளி ஆய்வுகளில் இந்த அமைப்பு சாதாரணமாக வருவதுதான்.

480 பேரும் ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று எடுத்தால் திட்டப்பிழை 15 × √(4/480) = 1.37. 8-ஐ 1.37-ஆல் வகுத்தால் டி-மதிப்பு 5.8. பிரமாதமாகத் தெரியும், ஆனால் தவறு. ஒரே பள்ளி மாணவர்களுக்கு ஒரே தலைமையாசிரியர், ஒரே ஆசிரியர்கள், ஏறத்தாழ ஒரே குடும்பப் பின்னணி. அவர்களின் எச்சங்கள் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். நாற்பதாவது மாணவர் தரும் புதுத் தகவல் கொஞ்சம்தான்.

எவ்வளவு கொஞ்சம் என்பதை மௌல்டன் காரணி சொல்லும். பள்ளிகள் சம அளவாக இருந்து, பயிற்சி பள்ளி முழுமைக்கும் ஒன்றாக இருந்தால், மாறுபாடு பெருகும் மடங்கு:

```
1 + (m − 1)ρ = 1 + 39 × 0.2 = 8.8
```

இங்கே m பள்ளிக்கு எத்தனை மாணவர் என்பது; ρ ஒரே பள்ளிக்குள் உள்ள ஒட்டுறவு, 0.2 என்று எடுத்திருக்கிறோம். திட்டப்பிழை √8.8, அதாவது 2.97 மடங்கு பெருகி 4.06 ஆகிறது. கையில் இருப்பது 480 பேர் அல்ல, 55 பேருக்குச் சமமான தகவல். இப்படிப் பள்ளி வாரியாகச் சேர்த்துத் திட்டப்பிழையைக் கணக்கிடுவதால், அதாவது கிளஸ்டர் செய்வதால், 8 என்ற மதிப்பீடு மாறாது, அதைச் சுற்றியுள்ள நிச்சயமின்மை மட்டுமே மாறும். விடைத்தாளில் இதைத் தனியாக எழுதிவிடுங்கள். நிறையப் பேர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

மென்பொருளும் இதே 4.06-ஐக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். டி-மதிப்பு 8/4.06 = 1.97. மனப்பாடமான 1.96-ஐத் தாண்டிவிட்டதே என்று பேனாவை மூடிவிடக் கூடாது. சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. ஸ்டேட்டாவின் `vce(cluster school)` கிளஸ்டர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து 11 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்தோடு ஒப்பிடும், எல்லை 2.20. முடிவு: 5 சதவீத அளவில் குறிப்பிடத்தக்கதல்ல. ஆரில் `vcovCL`-ஐ `coeftest`-க்குள் கொடுத்தால், வேறு எதுவும் சொல்லாத வரை, அது மாணவர் எண்ணிக்கையிலிருந்து வரும் 478-ஐ எடுத்துக்கொள்ளும், எல்லை 1.965. முடிவு: குறிப்பிடத்தக்கது. ஒரே தரவு, ஒரே திட்டப்பிழை, இரண்டு தீர்ப்பு. இரண்டில் நெருக்கமானது ஸ்டேட்டாவின் விடை. அதுவும் கொஞ்சம் தாராளமானதுதான்.

ஏன் தாராளம்? கிளஸ்டர் சூத்திரம் ஒவ்வொரு பள்ளியின் சராசரியும் தன் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறது. ஆனால் அந்தக் குழுச் சராசரியே இதே ஆறு பள்ளிகளிலிருந்து வந்தது. அதனால் விலகல்கள் உண்மையைவிடச் சிறியதாகவே தெரியும். பள்ளிப் பாடத்தில் n-க்குப் பதில் n−1-ஆல் வகுத்தோமே, அதே காரணம். திருத்தமில்லாத சூத்திரம் மாறுபாட்டை 5/6 மடங்காகக் குறைத்துச் சொல்கிறது. ஸ்டேட்டாவின் வழக்கமான திருத்தம் ஏறத்தாழ 12/11-ஆல் பெருக்குகிறது, வேண்டியதோ 6/5. மிச்சத்தை ஈடுகட்டுவது பெல், மெக்காஃப்ரி இருவரும் கொடுத்த CR2 திருத்தம்:

```r
library(clubSandwich)
m <- lm(score ~ treat, data = d)
coef_test(m, vcov = "CR2", cluster = d$school,
          test = "Satterthwaite")
```

நம் எண்களில் திட்டப்பிழை 4.06-லிருந்து 4.25 ஆகும், டி-மதிப்பு 1.88, சாட்டர்த்வெய்ட் முறையில் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 10, எல்லை 2.23. சரிபார்க்க எளிய வழி உண்டு. பன்னிரண்டு பள்ளிச் சராசரிகளை மட்டும் எழுதி, ஆறுக்கு ஆறு சாதாரண இரு-மாதிரி டி-சோதனை செய்யுங்கள். பள்ளிகள் சம அளவாக இருந்தால் அதே விடை வரும். கணினி இல்லாத தேர்வறையில் இதுதான் கைகொடுக்கும்.

எத்தனை கிளஸ்டர் இருந்தால் போதும்? 40, 50 என்ற எண்கள் சுற்றிவரும். அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இஸ்ரேலில் 40 பள்ளிகளை வைத்து, பக்ருட் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சிக்குப் பணப்பரிசு கொடுத்துப் பார்த்த ஆங்ரிஸ்ட், லாவி ஆய்விலேயே வழக்கமான கிளஸ்டர் திட்டப்பிழையோடு நிற்காமல் பெல்–மெக்காஃப்ரி வகைத் திருத்தத்துக்குப் போனார்கள். மொத்த எண்ணிக்கையைவிட முக்கியமானது, பயிற்சி பெற்ற பக்கம் எத்தனை பள்ளி என்பது. அதே 12 பள்ளிகளில் 3-க்கு மட்டும் பயிற்சி என்றால் சாட்டர்த்வெய்ட் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 10-லிருந்து சுமார் 3.5-க்கு இறங்கும். 2 பள்ளி என்றால் 1.4. ஸ்டேட்டா அப்போதும் அசராமல் 11 என்றே கணக்குப் போடும். 1 பள்ளி என்றால் இன்னும் மோசம்: அந்தப் பள்ளியின் சராசரிதான் குழுச் சராசரி, விலகல் சுழியம், பயிற்சிப் பக்கத்து மாறுபாடும் சுழியம். திட்டப்பிழை அழகாகச் சிறுத்து வரும். கிளஸ்டர் செய்த பிறகு திட்டப்பிழை குறைந்தால் மகிழ வேண்டாம், முதலில் பயிற்சி பெற்ற பள்ளிகளை எண்ணுங்கள்.

வைல்ட் கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப் இன்னொரு வழி. பயிற்சிக்கு விளைவே இல்லை என்று வைத்து ரெக்ரஷனைப் பொருத்தி, எச்சங்களின் குறியைப் பள்ளி பள்ளியாகப் புரட்டி, ஒவ்வொரு முறையும் டி-மதிப்பு எடுத்து, உண்மை டி-மதிப்பு அந்த வரிசையில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது.

```stata
regress score treat, vce(cluster school)
boottest treat, reps(9999) weighttype(rademacher) seed(731)
```

12 பள்ளிக்குக் குறிகளை 4096 விதமாகப் புரட்டலாம், அது போதும். 6 பள்ளிதான் என்றால் 64 விதம்; பி-மதிப்பு படிப்படியாகத் தாவும். அதற்குத்தான் ஆறு எடைகள் கொண்ட வெப் முறை, `weighttype(webb)`. ஆனால் பயிற்சி பெற்றவை ஒன்றிரண்டு பள்ளி என்றால் இதுவும் கைவிடும்: விளைவு இல்லை என்று வைத்துச் செய்தால் ஏறக்குறைய எதையும் நிராகரிக்காது, அப்படி வைக்காமல் செய்தால் கண்டபடி நிராகரிக்கும். இரண்டு பி-மதிப்புகளும் வெகுவாக விலகினால் அதுவே அடையாளம்.

சில்லறைத் தவறுகள் இரண்டு. பயிற்சி பள்ளி அளவில் இருக்கும்போது வகுப்பு அளவில் கிளஸ்டர் செய்து எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. பள்ளி எண் மாவட்டந்தோறும் 1-லிருந்து தொடங்கினால் வேறு வேறு பள்ளிகள் ஒன்றாகிவிடும். அட்டவணைக்கு மேல் ஸ்டேட்டா காட்டும் கிளஸ்டர் எண்ணிக்கையை ஒருமுறை பாருங்கள். பள்ளி ஃபிக்ஸட் எஃபெக்ட் சேர்ப்பதும் தீர்வல்ல, `treat` மாறியே கழன்றுவிடும்.

பயிற்சிப் பள்ளிகளைக் குலுக்கலில்தான் தேர்ந்தார்கள் என்றால், அந்தக் குலுக்கலையே திரும்பப் போட்டுப் பார்க்கலாம். 12-ல் 6 பள்ளியை 924 விதமாகத் தேரலாம். ஒவ்வொரு விதத்துக்கும் சராசரி வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எத்தனை விதங்களில் 8 அல்லது அதற்கு மேல், குறி எதுவானாலும், வருகிறது என்று எண்ணினால் அதுவே பி-மதிப்பு. 12-ல் 2 என்றால் 66 விதம். 12-ல் 1 என்றால் 12 விதம்தான். பி-மதிப்பு 1/12, அதாவது 0.083-க்குக் கீழே எந்தத் தரவாலும் இறங்க முடியாது. அந்தப் பள்ளியில் 40 மாணவர் இருந்தாலும் 4000 மாணவர் இருந்தாலும்.