இல்லாத பேஸ்

பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பாட்டு. பேஸ் கிட்டாரின் நடை தெளிவாகவே கேட்டது.

அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. தாழ்ந்த சுரத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நகத்தளவு சவ்வு, அசையவும் இடமில்லை.

ஆனால் 100 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 200, 300, 400 என மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். போனில் அடிப்பகுதி போய், 400, 500, 600 மிஞ்சினாலும் போதும். அவை சேர்ந்த அலை விநாடிக்கு 100 முறை திரும்பவரும். மூளை அதை 100 ஹெர்ட்ஸாகவே கேட்கிறது!

எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப்பில் பாருங்கள், 100-இல் கோடு தரையோடு கிடக்கும்.

விர்ச்சுவல் பேஸ் என்னும் ஒலி உத்தி அடிச்சுரத்தை வெட்டிவிட்டு, இந்த மேல்மடங்குகளைச் செயற்கையாகக் கூட்டுகிறது. சுரம் கிடைக்கும்; நெஞ்சில் இடிக்கும் அதிர்வு கிடைக்காது. அளவு மீறினால் பாடகரின் குரலும் சேர்ந்து கரகரக்கும்.