4.1 நட்சத்திரத்தைப் பிரித்துப் பார்த்தபோது

போன வருடம் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலைக்கு நேர்முகத்துக்கு அழைத்தார்கள். போவதற்கு முன், வேலை செய்பவர்கள் தங்கள் நிறுவனத்தைப் பற்றி எழுதும் கிளாஸ்டோர் தளத்தில் அதன் ரிவியூக்களைப் படித்தேன். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஐந்து வருடத்தில் 23 ரிவியூ. சராசரி 4.1. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 23 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதனால் ஒவ்வொன்றையும் தேதி வரிசையில் வைத்துப் படித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, ஒன்பது ஐந்து நட்சத்திர ரிவியூக்கள் ஒரே மாதத்தில் வந்திருந்தன. எழுதிய எல்லோரும் அப்போது அங்கே வேலை செய்தவர்கள், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். குறைகள் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு மேல் எந்த விவரமும் இல்லை. இவை பொய் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் எச்ஆர் கேட்டு எழுத வைத்திருக்கலாம், அவர்களுக்கும் அந்த நேரத்தில் உண்மையிலேயே பிடித்திருக்கலாம். ஆனால் அங்கே இரண்டாவது வருடம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்த ஒன்பதையும் ஒதுக்கிவிட்டால் மீதிப் பதினான்கின் சராசரி 3.5.

அந்தப் பதினான்கில் இரண்டு ஒரு நட்சத்திர ரிவியூக்கள். இரண்டும் 2022 நடுப்பகுதியில் எழுதப்பட்டவை. அந்த வருடம் மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, இருநூறு ரூபாய்க்கு இருந்த டாலர் 360ஐத் தாண்டியது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். சம்பளத்தை டாலரோடு இணைக்கவில்லை என்பதுதான் இரண்டு பேரின் கோபமும். அது நியாயமான கோபம். ஆனால் அப்போது கொழும்பில் பல நிறுவனங்களைப் பற்றி இதே குறைதான் எழுதப்பட்டது, அதை வைத்து இந்த ஒன்றைத் தனியாக எடைபோட முடியாது. அவற்றையும் கழித்தால் சராசரி மறுபடி 3.9க்கு ஏறுகிறது. எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து இவ்வளவு ஆடும் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. அப்புறம் நட்சத்திரத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் படித்தேன்.

எழுத்திலும் பாதி வெறுமை. மற்றவர்களின் ரிவியூக்களையும் சம்பள விவரங்களையும் முழுதாகப் பார்க்க, நாமும் ஏதாவது எழுதவேண்டும் என்பது அந்தத் தளத்தின் ஏற்பாடு. அதனால் கோபமும் இல்லாத, பெரிய அன்பும் இல்லாத நடுத்தர ஆட்களும் எழுதுகிறார்கள், அது நல்லது. அதே காரணத்தால் 'நல்ல இடம், நல்ல ஆட்கள்' என்று அவசரத்தில் எழுதிய வரிகளும் சேர்ந்துவிடுகின்றன.

ஆனால் மூன்று ரிவியூக்கள் என்னை நிறுத்தின. ஒருவர் டெவலப்பர், ஒருவர் கணக்குப் பிரிவு, ஒருவர் சப்போர்ட். எழுதிய வருடங்கள் வேறு, நடை வேறு. மூவரும் சொன்னது ஒன்றே: ப்ரொபேஷன் காலத்தில் ஈபிஎஃப் என்ற சேமலாப நிதியைக் கட்டவில்லை. அதிலும் டெவலப்பர் நான்கு நட்சத்திரம் கொடுத்து, குழுவைப் பாராட்டி, கடைசி வரியில் இதைச் சொல்லியிருந்தார். நிறுவனத்தின் மேல் வன்மம் இல்லாதவர் போகிற போக்கில் சொல்லும் குறையை நான் அதிகம் நம்புவேன். 'மேனேஜ்மென்ட் சரியில்லை' என்பது ஆளுக்கு ஆள் மாறும் கருத்து. ஈபிஎஃப் கட்டினார்களா இல்லையா என்பதைச் சரிபார்க்க முடியும்.

சட்டப்படி ப்ரொபேஷனில் இருப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும்: நிறுவனம் 12 சதவீதம், நம் சம்பளத்திலிருந்து 8. ஒன்றரை இலட்சம் சம்பளத்துக்கு நிறுவனத்தின் பங்கு மட்டும் மாதம் 18,000 ரூபாய். ஆறு மாத ப்ரொபேஷனில் 108,000 ரூபாய் போய்விடும்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அண்ணா முன்பு அங்கே வேலை செய்தவர். "அண்ணா, அந்த இடம் எப்படி?" என்று கேட்டிருந்தால் "பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருப்பார். அதனால், "உங்கட பே ஸ்லிப்பில ஈபிஎஃப் எந்த மாதத்தில இருந்து வந்தது?" என்று கேட்டேன். "கன்ஃபர்ம் பண்ணின பிறகுதான், ஏழாம் மாதத்தில இருந்து" என்றார்.

நேர்முகத்தில் எச்ஆர் பெண்ணிடம் இதை நேராகவே கேட்டேன். இப்போது முதல் மாதத்திலிருந்தே கட்டுகிறோம் என்றார். "சரி மிஸ், அதை நியமனக் கடிதத்தில் ஒரு வரி போட முடியுமா?" என்றேன். போட்டுக் கொடுத்தார்கள், வேலையில் சேர்ந்தேன்.

முதல் பே ஸ்லிப்பில் 8 சதவீதம் கழித்திருந்தார்கள். ஆனால் கழித்ததற்குத்தான் அது சாட்சி, கட்டியதற்கு இல்லை. நிறுவனம் ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும். அந்தத் தவணை கடந்த பிறகு ஈபிஎஃப் கணக்கின் மீதியைப் பார்த்தேன். இரண்டு பங்கும் சேர்ந்து 20 சதவீதம் வந்திருந்தது.