அந்த மனைவி யாராக வழக்காடுகிறார்?

வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் ஒப்பந்தச் சட்டம் கற்பிக்கிறேன். ஆங்கிலேயச் சட்டத்தில் பரீட்சை எழுதுபவர்களும் இலங்கைச் சட்டம் படிப்பவர்களும் ஒரே அறையில் இருப்பார்கள். மூன்று வரியில் ஒரு வினா, கீழே நான்கு விடைகள் என்று பயிற்சி கொடுப்பது என் வழக்கம். குட்டி வினா எழுதுவது இலேசு என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

அன்று கொடுத்தது இது: வியாபாரி ஒருவர் தம் தொழிலைப் பெறாமகனிடம் ஒப்படைக்கிறார். தாம் இறந்தபின் தம் மனைவிக்கு வாரந்தோறும் பணம் கொடுப்பதாக அவனிடம் வாக்குப் பெறுகிறார். அவர் இறந்ததும் அவன் கையை விரிக்கிறான். மனைவி வழக்காடி வெல்வாரா? ஒப்பந்தம் செய்தவர்கள் இருவர், மனைவி மூன்றாமவர். ஆகவே ‘வெல்லமாட்டார்’ என்பதே என் விடை.

பகலில் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்யும் மாணவி எழுந்தார். “சேர், அவர் யாராக வழக்காடுகிறார்?”

மாட்டிக்கொண்டேன். பெஸ்விக் எதிர் பெஸ்விக் வழக்கின் கதையை எடுத்துவிட்டு அதன் உயிரை விட்டிருந்தேன். அங்கே நிலக்கரி வியாபாரியின் விதவைக்கு வாரம் 5 பவுண் தருவதாக வாக்கு. விதவை தம் பெயரிலும், இறந்த கணவரின் சொத்து நிருவாகியாகவும் வழக்கிட்டார். 1967இல், அப்போது இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தம் பெயரில் அவருக்கு உரிமையில்லை என்றது. நிருவாகி கணவரின் இடத்தில் நிற்பவர் என்பதால், வாக்கை அப்படியே நிறைவேற்றும்படி பெறாமகனுக்குக் கட்டளையிட்டது. வெறும் நட்டஈடு என்றிருந்தால், கணவரின் சொத்துக்கு இழப்பே இல்லை என்று பெயருக்கு ஒரு சிறுதொகைதான் கிடைத்திருக்கும்.

திகதியையும் நான் எழுதவில்லை. 2000 மே 11ஆம் திகதி முதல் செய்த ஒப்பந்தமென்றால் இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். பலன் பெறுபவரைப் பெயராலோ வகையாலோ ஒப்பந்தம் குறித்து, அவருக்கு நன்மை தரவும் முனைந்தால், விதவை தம் பெயரிலேயே வழக்காடலாம். அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கும் எண்ணம் இருவருக்கும் இருக்கவில்லை என்று ஒப்பந்தத்தை வாசித்தால் தெரியவேண்டும். இல்லாவிட்டால் பெறாமகனுக்குத் தப்ப வழியில்லை.

பின்வரிசையிலிருந்து அடுத்த கை உயர்ந்தது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோம டச்சுச் சட்டம். மூன்றாமவருக்காகச் செய்த வாக்கை அது ஏற்கிறது. அவர் அந்த நன்மையை ஏற்றுக்கொண்டாரா என்பதுதான் கேள்வி. ஏற்குமுன் இருவரும் சேர்ந்து வாக்கை மாற்றிக்கொள்ளலாம். என் வினாவில் மனைவி வாயே திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வினாவைத் திருத்தினேன். எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்த நிலையில் வழக்கு என மூன்றையும் சேர்த்தபோது வினா ஐந்து வரியானது. அப்போதுதான், வழக்கின் இன்னொரு விவரத்தை நான் அநாவசியம் என்று வெட்டியிருந்தது கண்ணில் பட்டது: பெறாமகன் விதவைக்கு ஒரேயொரு தடவை 5 பவுண் கொடுத்திருந்தான். ஆங்கிலேயச் சட்டத்தில் அந்த 5 பவுண் முடிவை மாற்றவில்லை. நம் சட்டத்தில், அதை வாங்கிக்கொண்டதையே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அவருடைய சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டுவார்.